காலுக்கேற்ற வண்டி

என் முழங்காலில் கோளாறு இருப்பதை எனக்கு முதலில் உணர்த்தியது சைக்கிள் அன்று, தொழுகையே. 2023ஆம் ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து எழுந்தபோது வலது முழங்காலின் முன்புறம், சிப்பிக்குச் சற்றுக் கீழே, ஊசி குத்துவது போன்ற வலி உண்டாயிற்று. சில வாரங்களில் அது அத்தஹிய்யாத் இருப்பிலும் தொடர்ந்தது. மதரஸாவில் பிள்ளைகளுக்கு முன்னால் பாயில் அமர்ந்து ஓதிக் கொடுப்பவன் நான். நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிய அன்று, “உஸ்தாதுக்கு வயசாகிவிட்டது” என்று ஒரு சிறுவன் அடுத்தவன் காதில் சொன்னது என் காதிலும் விழுந்தது. நானும் அப்படித்தான் எண்ணினேன். நாற்பதைக் கடந்தால் இப்படித்தான் போலும் என்று தைலம் தேய்த்துக் கொண்டேன்.

என் வீடு மேலப்பாளையத்தில், மதரஸா பேட்டையில். இடையே ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். கொக்கிரகுளம் வந்து, சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்து, சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலத்தில் கீழடுக்கு வழியே சென்று, டவுனைத் தாண்டிப் பேட்டை சேர வேண்டும். பேருந்தில் சென்றால் இடையில் மாறிக் காத்திருக்க வேண்டும். ஆகவே பல்லாண்டுகளாகச் சைக்கிளே எனக்கு வாகனம். ஆயினும் எனக்கேற்ற சைக்கிள் எதுவென்று அறிந்துகொள்ள மூன்று வண்டிகள் தேவைப்பட்டன. முதலிரண்டிலும் நான் செய்த பிழைகளை இங்கே எழுதினால், வண்டி வாங்கவிருக்கும் யாருக்கேனும் பயன்படும் என்பது என் எண்ணம்.

முதல் வண்டி வாப்பாவுடையது. கம்பி பிரேக்கும் கனத்த கேரியரும் கொண்ட கறுப்பு நிற 24 அங்குல வண்டி. வாப்பா நெடிய உருவம். அவர்களுக்கு அது பொருந்திற்று. என் உயரம் உம்மாவின் வழி. சிறுவனாக இருந்தபோது பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதும் அதே வண்டியில்தான். வளர்ந்த பிறகு மேலே ஏறி அமர்ந்தேனே ஒழிய, வண்டிக்கு ஏற்றாற்போல் நான் வளரவில்லை. சீட்டை அடிவரை இறக்கியும், பெடல் கீழே போகும்போது என் கால் நுனி விரலால்தான் அதைத் தொடும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபுறமும் சாயும். பேட்டை போய்ச் சேரும்போது முதுகு வலிக்கும். 2021ஆம் ஆண்டு கொக்கிரகுளத்தில் முன்னால் சென்ற வேன் ஒன்று திடீரென நின்றது. பிரேக் பிடித்தேன், வண்டியும் நின்றது. ஆனால் காலை ஊன்றத் தரை எட்டவில்லை. வண்டியோடு சாய்ந்து விழுந்தேன். கையில் சிராய்ப்போடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். பின்னால் பேருந்து ஏதும் வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு திடுக்கிடுகிறது.

அந்த அச்சத்தில் வாங்கியதுதான் இரண்டாவது வண்டி. “இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும்” என்பது மட்டுமே கடையில் நான் விதித்த நிபந்தனை. தடித்த டயரும் முன்புறம் ஸ்பிரிங்கும் 18 கியர்களும் கொண்ட ஒரு வண்டியைக் காட்டினார்கள். சீட்டைத் தாழ்த்தி இரு பாதங்களும் தரையில் படியச் செய்து கொடுத்தார்கள். மகிழ்ந்து வாங்கி வந்தேன். முழங்கால் வலி தொடங்கியது அந்த வண்டியில்தான்.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மருத்துவர் அல்லர். எங்கள் தெருவை அடுத்த சாலையோரத்தில் கடை வைத்திருக்கும் வயது முதிர்ந்த சைக்கிள் மெக்கானிக். காற்றடிக்கச் சென்ற என்னைப் பார்த்து, “ஆலிம்சா, நீங்க வண்டி ஓட்டுதத பின்னால இருந்து பாத்தேன். முட்டு வலிக்குமே?” என்றார். வியப்போடு, “அண்ணாச்சி, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “சீட்டு கெடக்க கெடப்ப பாத்தாலே தெரியாதா? மடக்குன காலு நீளவே இல்லையே!” என்றார்.

அவர் விளக்கியது இதுதான். பெடல் மேலே வரும்போது முழங்கால் மடங்கும். கீழே போகும்போது நீளும். சீட் தாழ்ந்திருந்தால், பெடல் அடியில் இருக்கும்போதும் கால் நீளாது. ஆழ மடங்கிய நிலையிலேயே முழுப் பலத்தையும் செலுத்த வேண்டியிருக்கும்; அந்த அழுத்தம் முழங்கால் சிப்பியின் மேல் விழும். ஒன்பது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் முறை பெடல் சுற்றுகிறோம். போக வர அதைப் போல் இருமடங்கு. வலிக்காமல் என்ன செய்யும்?

சரியான சீட் உயரத்தைக் காண அவர் செய்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக அமர வேண்டும். பெடலை அடிப்புள்ளிக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைக்க வேண்டும். அப்போது முழங்கால் மடங்காமல் கால் நேராக நிற்க வேண்டும். அதே வேளை இடுப்பு ஒரு பக்கம் சாயவும் கூடாது. அதுவே சரியான உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்போம் என்பதால் முழங்காலில் சிறு மடிப்புத் தானாக வந்துவிடும். சீட்டை உயர்த்தும்போது அதன் தண்டில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் இழுத்துவிடக் கூடாது. தண்டு முறியும் அபாயம் உண்டு.

அண்ணாச்சி என் சீட்டை ஒரு சாண் அளவு உயர்த்தினார். “இனித் தரையில் கால் எட்டாதே!” என்று பதறினேன். “உக்காந்துக்கிட்டே ஏன் ஊனுதிய? நிக்கும்போது சீட்ட விட்டு முன்னால எறங்கி, பாருக்கு ரெண்டு பக்கமும் காலப் போட்டு நில்லுங்க” என்றார். இத்தனை ஆண்டுகளில் யாரும் எனக்குச் சொல்லாத செய்தி அது. சீட்டில் அமர்ந்தபடி இரு பாதங்களையும் தரையில் பதிக்க முடிந்தால், அந்தச் சீட் தாழ்வானது என்றே பொருள். நிற்பதற்குரிய இடம் சீட் அன்று. பாருக்கு மேலே உள்ள வெளி. ஆறேழு வாரங்களில் வலி படிப்படியாகக் குறைந்தது. நாற்காலியை மதரஸா அலுவலகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீக்கமோ, ஓய்வெடுத்தும் தணியாத வலியோ இருப்பவர்கள் மருத்துவரிடம் காட்டுவதே முறை; எனக்கு இருந்தது சீட்டால் வந்த வலி, அது சீட்டோடு போயிற்று.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணி கரை கடந்து சந்திப்புப் பகுதியில் புகுந்தது. மழைக்கு அஞ்சிச் சந்திப்பை அடுத்த உறவினர் வீட்டில் நான் விட்டுச் சென்ற சைக்கிள் இரண்டு நாட்கள் சேற்று நீரில் கிடந்தது. அண்ணாச்சி பிரித்துப் பார்த்தபோது சக்கரத்தின் நடுவிலிருந்து பழுப்பு நீர் வடிந்தது. பால்ரஸ்களை மாற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் கிரீஸ் வைத்தால் சக்கரம் பிழைக்கும். கியர் மாற்றும் கையும், அடுக்குப் பல்சக்கரமும், அவற்றின் கேபிள்களும் துருவேறி இறுகிவிட்டன, அவற்றைப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார். கணக்குப் பார்த்தால் வண்டியின் அன்றைய மதிப்பை விடச் செலவு மிகுந்தது. இவ்வாறு மூன்றாம் வண்டியைத் தேடும் நிலை வந்தது. இம்முறை அளவு தெரிந்து கடைக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

அளவு எடுப்பது மிக எளிது. செருப்பைக் கழற்றிச் சுவரில் முதுகு ஒட்ட நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இரு கால்களுக்கிடையே செங்குத்தாக வைத்து, சீட்டில் அமர்ந்தாற்போல் அழுந்தும்வரை மேலேற்ற வேண்டும். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை என் மகள் நாடாவால் அளந்தாள், 78 சென்டிமீட்டர். இதுவே கால் அளவு. வண்டி வாங்க இந்த ஓர் எண் போதும். நம் மொத்த உயரம் அவ்வளவாக உதவாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடல் நீளமாகவும் இருக்கலாம் அல்லவா?

கடையில் கவனிக்க வேண்டிய குழப்பம் ஒன்று உண்டு. பழைய பாணி ஆண்கள் வண்டியை 22, 24 என்று சொல்லும்போது அது சட்டத்தின் அளவு. பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல்முனை வரையுள்ள நீளம். அந்த வண்டிகளின் சக்கரமோ 28 அங்குலம். ஆனால் சிறுவர் வண்டிகளையும் புதிய பாணி வண்டிகளையும் 24, 26 என்று சொன்னால் அது பெரும்பாலும் சக்கரத்தின் அளவு. “24 கொடுங்கள்” என்று கேட்பவருக்கு ஆளுயர வண்டியும் வரலாம். பள்ளிப் பிள்ளையின் வண்டியும் வரலாம். ஆகவே எண்ணைக் கேளாமல் நாடாவை எடுத்துத் தரையிலிருந்து பாரின் மேற்புறம்வரை அளந்துவிடுவதே நல்லது.

நான் அளந்தேன். 24 அங்குலச் சட்டத்தில் பார் 87 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. என் கால் அளவைவிட 9 சென்டிமீட்டர் மிகுதி. வாப்பாவின் வண்டியில் நான் ஏன் விழுந்தேன் என்பது அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று. 22 அங்குலத்தில் பார் 82. சீட்டை அடிவரை இறக்கினால் குதிகால் சோதனையில் அது ஏறக்குறையத் தேறியது, ஓட்டிவிடலாம். ஆனால் நிறுத்தி நிற்க முடியாது. கடைக்காரர், “ஓட்டிப் பாருங்கள், சுகமாக இருக்கும்” என்றே வற்புறுத்தினார். ஓட்டும்போது சுகமாகத்தான் இருக்கும்; சோதனை வருவது நிற்கும்போதுதான். இறுதியில் 26 அங்குலச் சக்கரமும் 20 அங்குலச் சட்டமும் கொண்ட வண்டியில் பார் 75 என்று கண்டேன். பாருக்கும் உடலுக்கும் இடையே மூன்று சென்டிமீட்டர் வெளி கிடைத்தது. குறைந்தது இரண்டு விரல் வெளியாவது இருக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. சீட் தண்டை மூன்று விரல் அளவு உயர்த்தியதும் குதிகால் சோதனையும் சரியாயிற்று. அதையே தேர்ந்தேன்.

அடுத்தது கியர். கடையில், “கியர் இல்லாமலா? இந்தக் காலத்தில்?” என்றார்கள். என் பாதையை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். மேலப்பாளையத்திலிருந்து பேட்டை வரை ஆற்றுச் சமவெளி. பாலங்களின் சிறு ஏற்றங்களைத் தவிர மேடு இல்லை. பழைய வண்டியின் 18 கியர்களில் நான் பயன்படுத்தியவை மூன்றே. என் உண்மையான மேடு காற்றுதான். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று காலையில் நேராக முகத்தில் அறையும். மாலையில் அதே காற்று முதுகில் கைவைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும். அந்தக் காலை நேரத்துக்கு மட்டுமே உதவி தேவை.

இதற்கு அண்ணாச்சி சொன்ன வழி, பின்சக்கரத்தின் ஃபிரீவீலை மாற்றுவது. என் வண்டியில் முன்பல்சக்கரத்துக்கு 44 பற்கள், பின்னால் 18 பற்கள். பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி சுமார் 5.1 மீட்டர் நகரும். 18ஐ எடுத்துவிட்டு 20 பல் ஃபிரீவீலைப் போட்டால் ஒரு சுற்றுக்கு 4.6 மீட்டர், மிதி பத்தில் ஒரு பங்கு இலகுவாகும். நிமிடத்துக்கு 60 முறை மிதிப்பவருக்கு ஒன்பது கிலோமீட்டரில் மூன்று நிமிடமே கூடுதலாகும். சுபுஹுக்குப் பின் மூன்று நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் தீர்ந்தது. செயினை நீட்ட வேண்டிய தேவையும் வரவில்லை. பின்சக்கரத்தைச் சிறிது முன்னே நகர்த்தியதே போதுமாயிற்று. பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறுபவருக்கோ, மலையடிவாரத்து மேடுகளில் அன்றாடம் சுமையோடு செல்பவருக்கோ இந்த யோசனை போதாது. அவர்களுக்குக் கியர் வேண்டியதுதான். சமவெளியில் செல்பவர் அதற்குப் பணம் கொடுப்பதும், பின் அதைப் பராமரிப்பதும் வீண்.

கியர் இல்லாததில் மற்றொரு நன்மை, செயினை முழுவதும் மூடும் கவர் போட முடிகிறது. கியர் வண்டியில் ஒருநாள் என் வேட்டியின் ஓரம் செயினில் சிக்கி, டவுனில் நடுச்சாலையில் கத்தரிக்கோல் கேட்டு நின்றவன் நான். பர்தா அணிந்து ஓட்டும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். செயின் கவரோடு பின்சக்கரத்தின் இருபுறமும் துணி நுழையாதபடி வலையும் இருக்க வேண்டும். வளைந்த சட்டமுள்ள பெண்கள் வண்டிதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, பெண்கள் வண்டிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பலர் ஆண்கள் வண்டியையே வாங்கினர். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

பிரேக் பற்றி நான் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்: கைப்பிடியைப் பார்ப்பதற்கு முன் ரிம்மைப் பாருங்கள். பளபளக்கும் முலாம் பூசிய இரும்பு ரிம், வெயிலில் குறையில்லாமல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். சக்கரம் சில சுற்றுகள் சுற்றி நீர் துடைக்கப்பட்ட பிறகே பிடிக்கும். வாப்பாவின் வண்டியில் ஈரடுக்குப் பாலத்து இறக்கத்தில் இதை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன். அலுமினிய ரிம்மில் இந்தக் குறை மிகவும் குறைவு. இரண்டையும் வேறுபடுத்தி அறிய ஒரு சிறு காந்தம் போதும். இரும்பில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. என் மகளின் பென்சில் பெட்டியிலிருந்த காந்தத்தோடு நான் கடையில் நின்றதைக் கண்டு அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எனினும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த இரு வண்டிகளில் ஒன்றில் அது ஒட்டிற்று, மற்றொன்றில் ஒட்டவில்லை. இரும்பு ரிம் வண்டியே வாய்த்தவர்கள், மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே பிரேக்கை மெல்ல அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொண்டு, பிறகு பலமாகப் பிடிக்க வேண்டும்.

கம்பி பிரேக் பல்லாண்டு உழைக்கும். கேபிள் பிரேக்குக்கு அவ்வப்போது கேபிள் மாற்ற வேண்டும். கைப்பிடி அருகே கேபிளின் ஓர் இழை பிரிந்து நின்றாலும் அது மாற்றுவதற்கான அறிகுறி. எதுவாயினும், பிரேக்கை முழுப் பலத்தோடு பிடித்தபோது கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. இடையில் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். பின் பிரேக்கை மட்டும் நம்பும் பழக்கம் நம்மிடையே மிகுதி. வண்டியை விரைவில் நிறுத்துவது முன் பிரேக்தான். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழக வேண்டும்.

இனி விலை. என் கையில் பத்தாயிரம் ரூபாய் இருந்தது. பதினெட்டாயிரத்துக்கு வண்டியைக் காட்டி, மீதியைத் தவணையில் கட்டலாம் என்றார்கள். வட்டி கலந்த தவணை நமக்கு ஆகாது என்பதால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. 2024 தொடக்கத்தில் நான் தேர்ந்த வண்டிக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். மீதியில் 20 பல் ஃபிரீவீல், நல்ல பூட்டு, முன்னும் பின்னும் விளக்கு, காற்றடிக்கும் பம்பு எல்லாம் வாங்கி எண்ணூறு ரூபாய் மிச்சம் வைத்தேன். அந்த மிச்சத்துக்கும் வேலை இருந்தது. புதுவண்டியின் போக்ஸ் கம்பிகள் முதல் மாதத்தில் தளரும், சக்கரம் கோணும், பிரேக் கேபிள் நீளும். ஒரு மாதம் கழித்து அண்ணாச்சியிடம் கொடுத்துக் கோட்டம் எடுத்து, எல்லா நட்டுகளையும் முறுக்கி வாங்கினேன். கையிலுள்ள பணத்தில் முக்கால் பங்கை வண்டிக்கும், கால் பங்கை இவற்றுக்கும் ஒதுக்கினால் பிறகு திண்டாட்டம் இல்லை.

அந்த வண்டியே இன்றும் என்னைப் பேட்டைக்குக் கொண்டு சேர்க்கிறது. பாயில் அமர்ந்தே ஓதிக் கொடுக்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த என் மகளுக்குப் பள்ளியில் அரசு வழங்கும் விலையில்லாச் சைக்கிள் கிடைத்தது. இந்த அளவை நாம் தேர்ந்தெடுக்க இயலாது. கிடைத்ததை நமக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். வீட்டுக்கு அவள் தள்ளிக்கொண்டு வந்தபோது சீட் அடியோடு அமர்ந்திருந்தது. “வாப்பா, ரெண்டு காலும் தரையில படுது, நல்லா இருக்கு” என்றாள். அவளைச் சுவரோரம் நிறுத்தி, பெடலில் குதிகாலை வைக்கச் சொன்னேன். முழங்கால் நன்றாக மடங்கியிருந்தது. ஸ்பானரைக் கேட்டேன்.